ஜீவனாம்ச வழக்கு: டிடெக்டிவ் எடுத்துக் கொடுக்கும் போட்டோ, பில் எல்லாம் கோர்ட்டில் நிற்குமா?

செண்பகம்
அக்காவுக்காகக் கேட்கிறேன். குடும்ப நீதிமன்றத்தில் ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டிருக்கிறோம். அக்கா கணவர் தாக்கல் செய்த சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரத்தில் "வேலை போய்விட்டது, வருமானம் இல்லை, அம்மா தயவில் சாப்பிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறார். ஆனால் எங்கள் உறவினர் ஒருவர் அவரை ஒரு மொபைல் உதிரிபாகக் கடையில் கல்லாவில் பார்த்திருக்கிறார், ஒரு தடவை இல்லை, பல தடவை. கடை அவருடைய அம்மா பெயரில் இருக்கிறது போல.

ஒரு துப்பறியும் நிறுவனத்தில் விசாரித்தோம். இரண்டு விதமாகச் சொன்னார்கள். ஒன்று, கடையைக் கண்காணித்து போட்டோ, ரிப்போர்ட் தருவது. இன்னொன்று "ஃபுல் பேக்கேஜ்", அதில் ஆறு மாத கால் லிஸ்ட், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் எடுத்துத் தருவார்களாம். எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டால் "அது எங்க சோர்ஸ் மேடம்" என்று சிரிக்கிறார்கள். அப்பா ஃபுல்லாகவே எடுத்துவிடலாம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. இதெல்லாம் சட்டப்படி சரியா? கோர்ட்டில் எடுத்துக்கொள்வார்களா?

ராஜவேல்
பயப்படவே வேண்டாம் சகோதரி. குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984, பிரிவு 14 என்று ஒன்று இருக்கிறது. வழக்கைத் தீர்க்க உதவும் என்று நீதிபதிக்குத் தோன்றினால் எந்த ரிப்போர்ட்டையும் எந்த ஆவணத்தையும் வாங்கிக்கொள்ளலாம், சாட்சியச் சட்டப்படி ஏற்கத்தக்கதா இல்லையா என்று பார்க்கவே வேண்டாம். திருட்டுத்தனமாக எடுத்தது என்பதெல்லாம் அங்கே செல்லாது. ஃபுல் பேக்கேஜ் எடுங்கள், பேங்க் ஸ்டேட்மென்ட் ஒன்று போதும், அவர் கதை முடிந்தது.

சாரதா ரங்கன்
என் பெண்ணுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் வெளியூரில் வேலை, சம்பளம் சொன்னது உண்மையா, ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா என்று பார்க்க வேண்டும். நீங்கள் விசாரித்த நிறுவனம் நம்பகமானதா? தனிமடலில் சொல்ல முடியுமா?

கறுப்பு அங்கி
சாரதாம்மா, உங்கள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன்.

செண்பகம், அப்பாவை முதலில் நிறுத்துங்கள். ராஜவேல் சொன்ன பிரிவு 14 இருப்பது உண்மை. ஆனால் அது ஆவணத்தை உள்ளே விடலாமா என்பதை மட்டும்தான் பேசுகிறது. அதை எடுத்த விதம் குற்றம் என்றால் அந்தக் குற்றத்தை அது துடைக்காது. 2020ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இதை நன்றாகவே பிரித்துச் சொன்னது. கணவர் படுக்கையறைக் கேமராவில் பதிவான மனைவியின் பேச்சைத் தாக்கல் செய்திருந்தார். அந்தப் பதிவைக் குடும்ப நீதிமன்றம் பார்க்கலாம், ஆனால் சட்டவிரோதமாகப் பதிவு செய்ததற்காக அவர் மீது தனியாக நடவடிக்கை வர அது தடையில்லை என்றது. ஆவணம் உள்ளே போகும், கூடவே நீங்களும் உள்ளே போகலாம், அவ்வளவுதான்.

கால் லிஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். தொலைபேசி நிறுவனம் வைத்திருக்கும் தரவை அனுமதியில்லாமல் அணுகுவது தொலைத்தொடர்புச் சட்டம் 2023, பிரிவு 42ன் கீழ் குற்றம். மூன்று வருடம் வரை சிறை, இல்லையென்றால் இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. போலீஸ் கேட்டால் நிறுவனம் தரும், கோர்ட் சம்மன் அனுப்பினால் தரும். தனியார் துப்பறிவாளர் கேட்டால் தர எந்த வழியும் கிடையாது. அப்படியானால் அவருக்கு எப்படிக் கிடைக்கிறது? உள்ளே இருக்கும் யாரோ காசுக்கு எடுத்துத் தருகிறார்கள், அல்லது போலீஸ் பெயரில் கோரிக்கை போகிறது. 2018ல் மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் தானே நகரப் போலீசார் இதற்காகவே துப்பறிவாளர்களைக் கைது செய்தார்கள், செய்தியில் வந்ததுதான். இப்படி ஒரு வியாபாரம் பிடிபடும்போது வாடிக்கையாளர் பட்டியலும் சேர்ந்தேதான் மாட்டும். பேங்க் ஸ்டேட்மென்டும் இதே கதைதான்.

ராஜவேல்
சார், உச்ச நீதிமன்றமே ரகசியமாகப் பதிவு செய்தது செல்லும் என்று சொல்லிவிட்டதே, 2025 ஜூலையில். அதற்கு என்ன சொல்கிறீர்கள்? அதுக்கும் முன்னால் 1972ல் மல்கானி வழக்கிலேயே, எப்படி எடுத்தாய் என்பது முக்கியமில்லை, சம்பந்தப்பட்டதா என்பதுதான் முக்கியம் என்று சொல்லியாகிவிட்டது.

தனிக்காட்டு ராஜா
இந்த இடத்தில் நான் பேசியே ஆக வேண்டும். என் விவாகரத்து வழக்கில் நான் கணவர் தரப்பு. ஒரு ஏஜென்சி, பெயர் வேண்டாம், மனைவியின் கால் லிஸ்ட் எடுத்துக் கொடுத்தான். எக்ஸெல் ஷீட்டாக வந்தது, எந்த நம்பருக்கு எத்தனை நிமிஷம் என்று மஞ்சள் அடித்துக் கொடுத்தான். அதைப் பார்த்ததும் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். தாக்கல் செய்த அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட ஒரே கேள்வி, "இது உங்கள் கைக்கு எப்படி வந்தது?" என் வக்கீலிடம் பதில் இல்லை. ஏஜென்சிக்காரனுக்குப் போன் அடித்தால் "ரிப்போர்ட் உங்கள் தகவலுக்கு மட்டும்தான் சார், கோர்ட்டுக்கெல்லாம் வர மாட்டோம், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறோமே" என்கிறான். பார்த்தால் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. அப்புறம் அந்தப் பக்கத்தில் இருந்து போலீசில் புகார். விவாகரத்து வழக்கு அப்படியே நிற்கிறது, நான் முன்ஜாமீனுக்கு அலைந்தேன். ஷீட்டில் இருந்தது உண்மைதான் என்று இன்னமும் நம்புகிறேன், ஆனால் அதை வைத்து நாக்கு வழிக்கக்கூட முடியவில்லை.

கறுப்பு அங்கி
ராஜவேல், அந்த 2025 தீர்ப்பு, விபோர் கர்க் வழக்கு, கணவன் மனைவி இருவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டதைக் கணவர் பதிவு செய்தது பற்றியது. பேச்சில் அவரும் ஒரு ஆள். தம்பதிக்குள் நடந்த பேச்சை வெளியே சொல்லக்கூடாது என்கிற பாதுகாப்பு அவர்களுக்குள் நடக்கும் வழக்கில் குறுக்கே வராது என்று கோர்ட் சொன்னது. அதை எடுத்துக்கொண்டு வந்து, மூன்றாம் ஆளை வைத்து தொலைபேசி நிறுவனத்தின் சர்வரில் இருந்து தரவு கிளப்பியதற்கு முட்டுக்கொடுக்க முடியுமா? முடியும் என்று வாதாடுவோர் இருக்கிறார்கள். முடியாது என்பது என் கருத்து. நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 அக்டோபரில் மனைவியின் கால் விவரத்தைக் கணவர் தாக்கல் செய்த வழக்கில், அந்தரங்க உரிமையை மீறி எடுத்த சாட்சியம் ஏற்கத்தக்கதல்ல என்று நேரடியாகவே சொன்னது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அது எவ்வளவு தூரம் நிற்கும் என்பது இன்னும் முழுசாகத் தெளிவாகவில்லை. எந்த நீதிபதி முன்னால் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறலாம். என் கட்சிக்காரரை வைத்து அந்தச் சூதாட்டம் ஆட மாட்டேன்.

அதைவிட முக்கியமானது, செண்பகத்துக்கு அந்தச் சூதாட்டம் தேவையே இல்லை. வருமானத்தை மறைக்கும் வழக்கில் துப்பறிவாளர் வேலை "எங்கே தேடு" என்று காட்டுவதுதான். தோண்டி எடுக்க வேண்டியது கோர்ட் மூலமாக.

களப்பணி கண்ணன்
நான் இந்தத் தொழிலில் பல வருடம் இருந்து விட்டவன், இப்போது வேறு வேலை. கறுப்பு அங்கி சார் சொல்வதைத்தான் நல்ல ஏஜென்சிக்காரனும் சொல்வான். முதலில் ஒரு விஷயம், இந்த நாட்டில் துப்பறிவாளருக்கு லைசென்ஸ் என்று தனியாக ஒன்றும் இல்லை. 2007ல் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், சட்டமாகவே ஆகவில்லை. சிலர் சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பது செக்யூரிட்டி காவலாளி நிறுவனத்துக்கான 2005 சட்டத்து உரிமம், அதற்கும் துப்பறிவதற்கும் சம்பந்தம் கிடையாது. அதனால் நமக்கு இருக்கும் அதிகாரம் ரோட்டில் போகிற யாருக்கும் இருக்கும் அதிகாரம்தான். பார்க்கலாம், பொது இடத்தில் நின்று போட்டோ எடுக்கலாம், கடைக்குள் வாடிக்கையாளராகப் போய்ப் பொருள் வாங்கலாம், பொதுப் பதிவேட்டைத் தேடலாம். வீட்டுக்குள் ஏறக்கூடாது, போனில் ஆப் போடக்கூடாது, "இன்கம்டாக்ஸில் இருந்து வருகிறோம்" என்று சொல்லவே கூடாது, அரசு ஊழியராக நடிப்பது நேரடியாகக் குற்றம்.

உங்கள் வழக்குக்கு வருகிறேன். நானாக இருந்தால் முதல் நாள் வீட்டை விட்டே கிளம்ப மாட்டேன். கடைப் பெயர்ப் பலகையில் ஜிஎஸ்டி எண் இருக்கும், gst.gov.in தளத்தில் அதைப் போட்டால் உரிமையாளர் பெயர், கடை முகவரி, எந்தத் தேதியில் பதிவு என்று வந்துவிடும். அம்மா பெயர் இருந்தால் அதுவும் நல்லதுதான், பதிவுத் தேதி எப்போது என்று பாருங்கள். மகன் வேலையை விட்ட தேதிக்கும் வழக்கு நோட்டீஸ் போன தேதிக்கும் நடுவில் அம்மா திடீரென்று மொபைல் வியாபாரி ஆகியிருந்தால், கேள்வி தானாகவே எழும். சொத்து சந்தேகம் இருந்தால் tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்றிதழ். இதற்கெல்லாம் யாருடைய "சோர்ஸ்"-உம் வேண்டாம்.

அப்புறம்தான் கடை. ஒரே நாளில் நூறு போட்டோ எடுப்பதால் பயன் இல்லை. அன்றைக்கு மட்டும் அம்மாவுக்கு உதவ வந்தேன் என்று சொல்லிவிடுவார். வாரத்தின் வெவ்வேறு நாட்களில், காலையில் ஷட்டர் திறப்பது, மதியம் கல்லாவில் இருப்பது, இரவு பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போடுவது என்று ஒரு வழக்கம் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். சாவி போட்டோவுக்கு இருக்கிற மதிப்பு கல்லா போட்டோவுக்குக் கிடையாது.

எல்லாவற்றையும் விட முக்கியம், உள்ளே போய் ஒரு டெம்பர்ட் கிளாஸ் வாங்கி பில் கேளுங்கள், யூபிஐயில் பணம் அனுப்புங்கள். க்யூஆர் ஸ்கேன் செய்ததும் திரையில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். கடை அம்மா பெயரில், பில் அம்மா பெயரில், பணம் போகிற கணக்கு மகன் பெயரில் என்று வந்தால் அந்த ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். நான் பார்த்தவரை கடையை வேறு பெயரில் போடத் தெரிந்தவர்கள் பலபேர் க்யூஆரை மாற்ற மறந்துவிடுவார்கள்.

செண்பகம்
கண்ணன் அண்ணா, இது எனக்குத் தோன்றவே இல்லை. அப்போது அந்த ஸ்கிரீன்ஷாட்டை நானே போய் எடுக்கலாமா?

களப்பணி கண்ணன்
நீங்கள் போனால் அவர் அடையாளம் கண்டுகொள்வார், கடையில் சண்டை வரும், அப்புறம் க்யூஆர் மாறிவிடும். அவருக்குத் தெரியாத முகம் வேண்டும். அந்த முகம் பிறகு கோர்ட்டுக்கு வந்து சொல்லத் தயாராகவும் இருக்க வேண்டும். அதனால்தான் ஒப்பந்தம் போடும்போதே களத்துக்குப் போகிற ஆள் யார், அவர் சாட்சி சொல்ல வருவாரா என்று எழுத்தில் வாங்கிவிட வேண்டும். ஏஜென்சி முதலாளி கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் மட்டும் என்றால் அவர் கண்ணால் எதையும் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதை எழுதியவர் ஆகிவிடுவார்.

ராஜவேல்
போட்டோ எடுப்பதும் பின்னால் போவதும் மட்டும் குற்றமில்லையா? பின்தொடர்தல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 78வது பிரிவு. கண்ணன் சார் மட்டும் என்ன சட்டத்துக்கு மேலேயா?

நளினி தேவராஜ்
78ஐ முழுசாகப் படியுங்கள். அது ஒரு ஆண் ஒரு பெண்ணை, அவள் விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் நெருங்கிப் பழகும் நோக்கத்தில் பின்தொடர்வது, அல்லது அவளுடைய இணையம், மின்னஞ்சல் போன்றவற்றைக் கண்காணிப்பது பற்றியது. இங்கே கண்காணிக்கப்படுகிறவர் ஆண், அதுவும் அவருடைய கடை வாசலில். ஆனால் செண்பகம், இதைத் திருப்பிப் பாருங்கள். அந்தப் பக்கமும் ஆள் வைப்பார்கள், உங்கள் அக்கா வேலைக்குப் போகிறாரா, யாருடன் பேசுகிறார் என்று. அக்காவின் போனில் யாராவது ஆப் போட்டிருந்தாலோ மின்னஞ்சலைத் திறந்து படித்தாலோ அந்தப் பிரிவு அங்கே பொருந்தும். போன் பாஸ்வேர்டு அவருக்குத் தெரிந்த பழைய பாஸ்வேர்டுதானா என்று இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.

கறுப்பு அங்கி
நளினி சொன்னது சரி. இப்போது கோர்ட்டில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் நல்ல போட்டோக்கள் பெரும்பாலும் இங்கேதான் செத்துப்போகின்றன.

ஏஜென்சிக்காரர் போட்டோவை வாட்ஸாப்பில் அனுப்புவார். நீங்கள் பிரிண்ட் போட்டு வக்கீலிடம் கொடுப்பீர்கள். வாட்ஸாப் படத்தைச் சுருக்கிவிடும், எந்தத் தேதியில் எந்தக் கேமராவில் எடுத்தது என்ற விவரமும் அதோடு போய்விடும். எதிர்த்தரப்பு "இது கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த படம்" என்றால் மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. அதனால் எடுத்த போனில் அசல் ஃபைல் அழியாமல் இருக்க வேண்டும், உங்களுக்கு பென்டிரைவில் அப்படியே காப்பி செய்து வாங்க வேண்டும், வாங்கிய அன்றே ஹாஷ் எண்ணைக் குறித்துவிட வேண்டும். விண்டோஸ் கணினியில் இப்படி:

```
certutil -hashfile IMG_2041.jpg SHA256
```

நீளமாக ஒரு எண் வரும். ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் அது மாறிவிடும். பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63வது பிரிவில் மின்னணு ஆவணத்தோடு கொடுக்க வேண்டிய சான்றிதழில் இந்த எண்ணைக் கேட்கிறார்கள். அந்தச் சான்றிதழ் இப்போது இரண்டு பகுதி. ஒன்றை அந்தக் கருவியைக் கையாண்டவர் தர வேண்டும், உங்கள் விஷயத்தில் படமெடுத்த ஆள். இன்னொன்றை ஒரு நிபுணர். பழைய சட்டத்தின் 65பி பிரிவு இருந்த காலத்தில் ஒருவர் கையெழுத்தே போதும். அந்த நிபுணர் யாராக இருக்கலாம், தனியார் ஆள் போதுமா என்பதில் ஒவ்வொரு கோர்ட்டும் ஒவ்வொரு மாதிரி போகிறது, உங்கள் வக்கீலிடம் அந்த நீதிமன்றத்தில் எதை ஏற்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குடும்ப நீதிமன்றத்தில் பிரிவு 14ஐக் காட்டி சான்றிதழ் இல்லாமலும் கேட்கலாம், ஆனால் நாளைக்கு இதே படத்தைக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட் முன்னால் போட வேண்டி வந்தால் அங்கே அந்தச் சலுகையை நம்பிப் போக முடியாது. இருந்தால் நல்லது.

அப்புறம் அந்தக் களப்பணியாளர் கூண்டில் ஏறுவார். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி "உங்களுக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தார்கள்?" இரண்டாவது "உங்களுக்கு லைசென்ஸ் உண்டா?" காசு வாங்கியதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும், ரசீது இருக்க வேண்டும். காசு வாங்கியதால் மட்டும் சாட்சி பொய் ஆகிவிடாது, ஆனால் மற்றதோடு ஒத்துப்போகிறதா என்று நீதிபதி கூடுதலாக உரசிப் பார்ப்பார்.

இனிமேல்தான் விஷயம். இந்தப் படமும் யூபிஐ ஸ்கிரீன்ஷாட்டும் அவருடைய வருமானம் எவ்வளவு என்று சொல்லாது. அவர் கடை நடத்துகிறார், பணம் அவர் கணக்குக்குப் போகிறது, பிரமாணப் பத்திரத்தில் அந்தக் கணக்கு இல்லை என்பதை மட்டும் காட்டும். அதை வைத்து, அந்த வங்கிக் கணக்கின் விவரத்தை வங்கியே தாக்கல் செய்ய உத்தரவிடுங்கள் என்று ஒரு மனு போடுவீர்கள். ஆதாரமில்லாமல் கேட்டால் "சும்மா வலை வீசுகிறார்கள்" என்று தள்ளிவிடுவார்கள். கையில் ஸ்கிரீன்ஷாட் இருந்தால் தள்ளுவது கஷ்டம். வங்கி சான்றளித்துத் தரும் கணக்கு நகல் யாருடைய சோர்ஸும் இல்லாமல் சட்டப்படி சாட்சியமாகிவிடும். உங்கள் அப்பா ஃபுல் பேக்கேஜில் வாங்க நினைத்த அதே காகிதம்தான், இந்த வழியில் வந்தால் யாரும் வாயைத் திறக்க முடியாது.

2020ல் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம்தான் இரு தரப்பும் சொத்து, கடன் பிரமாணப் பத்திரம் தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதில் பொய் சொன்னது தெரிந்தால் அதற்கான குற்ற நடவடிக்கையையும் கோரலாம். கணக்கைக் காட்டாமல் இழுத்தடித்தால் அவருக்கு எதிராக அனுமானிக்கலாம் என்றும் கேட்கலாம்.

தனிக்காட்டு ராஜா
இதையெல்லாம் எனக்கு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால்... சரி விடுங்க. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோர்ட் மூலமாகவே கால் லிஸ்ட் கேட்டால் கொடுப்பார்களா?

கறுப்பு அங்கி
அதில் கோர்ட்டுகளே ஒத்துப்போகவில்லை. 2023ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு மனைவி கேட்ட ஹோட்டல் அறை விவரத்தையும் கால் விவரத்தையும் வரவழைத்த உத்தரவைச் சரி என்றது. 2022 இறுதியில் கர்நாடக உயர் நீதிமன்றமோ மனைவியுடன் தொடர்பு என்று சொல்லப்பட்ட மூன்றாம் ஆளின் செல்போன் டவர் விவரத்தைக் கணவர் கேட்டபோது அவருடைய அந்தரங்கம் பாதிக்கும் என்று மறுத்தது. வழக்குக்கு உள்ளே இல்லாத ஒரு ஆளின் தகவல் என்றால் இன்னும் கஷ்டம். ஜீவனாம்சத்தில் வருமானம் கேட்பது அதைவிடச் சுலபம், ஏனென்றால் அதைச் சொல்லும் கடமை ஏற்கெனவே அவர் மேல் இருக்கிறது.

சாரதா ரங்கன்
என்னுடைய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

களப்பணி கண்ணன்
சாரதாம்மா, கல்யாணத்துக்கு முந்தைய விசாரணையில் வேலை செய்யும் இடத்தில் பேசுவது, அக்கம்பக்கத்தில் விசாரிப்பது, பெயர் வைத்து ecourts.gov.in தளத்தில் வழக்கு உண்டா என்று பார்ப்பது, இந்த அளவே போதும். முந்தைய விவாகரத்து இருந்தால் அங்கேயே தெரிய வாய்ப்பு உண்டு, ஆனால் ஒரே பெயரில் பலபேர் வருவார்கள், அப்பா பெயரையும் ஊரையும் ஒத்துப் பாருங்கள். சம்பளத்தைப் பையனிடமே ஆஃபர் லெட்டர் கேளுங்கள். அதைக் காட்டத் தயங்கினால் அதற்கு மேல் ஆள் வைத்துத் தேட என்ன இருக்கிறது? ஏஜென்சி பெயர் கேட்டால் நான் சொல்ல மாட்டேன், பழைய சண்டை நிறைய இருக்கிறது.

ராஜவேல்
எனக்கு இன்னும் சம்மதமில்லை. உண்மை எப்படி வந்தாலும் உண்மைதானே. கோர்ட் மூலம் வங்கிக் கணக்கு வர ஒரு வருடம் இழுக்கும், அதுவரை அக்கா என்ன சாப்பிடுவார்?

நளினி தேவராஜ்
அதற்குத்தான் இடைக்கால ஜீவனாம்சம். அதற்கு முழுச் சாட்சியமும் தேவையில்லை, பிரமாணப் பத்திரம் பொய் என்று மேலோட்டமாகத் தெரிந்தாலே தொகை கூட வாய்ப்பு உண்டு. இழுக்கும் என்று நீங்கள் சொல்வதை மட்டும் மறுக்க மாட்டேன், இழுக்கத்தான் செய்கிறது.

செண்பகம்
அப்பாவிடம் பேசினேன். தனிக்காட்டு ராஜா அண்ணாவின் பதிவைப் படித்துக் காட்டியதும் ஃபுல் பேக்கேஜ் பேச்சை விட்டுவிட்டார். ஜிஎஸ்டி தளத்தில் பார்த்தேன், கடை அக்கா மாமியார் பெயரில்தான், பதிவு எங்கள் நோட்டீஸ் போய் இரண்டு மாதம் கழித்து. அந்த நிறுவனத்திடம் களத்துக்கு வரும் ஆள் சாட்சி சொல்வாரா என்று கேட்டேன், "அதற்குத் தனி சார்ஜ், அதுவும் பார்க்கலாம்" என்றார்கள். எழுத்தில் தர மறுக்கிறார்கள். வேறு இடம் பார்க்கிறோம். இன்னொரு சந்தேகம், க்யூஆரில் வரும் பெயர் அவர் பெயரின் இனிஷியல் மட்டும் மாறி இருந்தால் என்ன செய்வது?

களப்பணி கண்ணன்
பணம் அனுப்பிய பிறகு வரும் விவரத்தில் யூபிஐ ஐடியும் பரிவர்த்தனை எண்ணும் இருக்கும், அதையும் சேர்த்து எடுங்கள். அனுப்பியவரின் வங்கி ஸ்டேட்மென்டில் அதே எண் வரும், அதையும் எடுத்து வையுங்கள். யார் கணக்கு என்பதை அந்த எண்ணை வைத்து வங்கி சொல்லிவிடும், இனிஷியலை வைத்து அவர் தப்ப முடியாது.